நானோபிளாஸ்டியா சேர்க்கலாமா? டீலரின் கணக்கும் உங்கள் கணக்கும்

கேள்வி: அக்கா, களியக்காவிளையில் ஏழு வருடமாக லேடீஸ் பார்லர் வைத்திருக்கிறேன். கூட ஒரு பொண்ணு வேலை செய்கிறாள். த்ரெடிங், ஃபேஷியல், ஹேர் கட், ஸ்மூத்தனிங், கல்யாண மேக்கப் எல்லாம் உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கமிருந்தும் கஸ்டமர்கள் வருகிறார்கள். இப்போது வருகிறவர்கள் எல்லாம் முடி நேராக்கும் நானோபிளாஸ்டியா உண்டா என்று கேட்கிறார்கள். இரண்டு மாதத்தில் இருபது பேருக்கு மேல் கேட்டாச்சு. திருவனந்தபுரத்து டீலர் ஒருவர் 68,000 ரூபாய்க்கு பேக்கேஜ் தருகிறார். இரண்டு லிட்டர் மெட்டீரியல், அயர்னிங் மெஷின், ஸ்டீமர், பேனர், ஒரு நாள் டிரெயினிங், சர்டிபிகேட் எல்லாம் அதில் அடக்கம். மெட்டீரியல் மட்டும் தனியாக வாங்கினால் லிட்டர் 9,000. ஒரு ஹெட்டுக்கு 5,000 வாங்கினால் 14 பேரில் போட்ட பணம் திரும்பிவிடும், ஃபார்மலின் இல்லாதது, கர்ப்பிணிக்குக்கூட போடலாம் என்கிறார். நகையை வைத்து எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பதில்: எடுக்க வேண்டாம் தங்கச்சி. நகை வீட்டிலேயே இருக்கட்டும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடுத்த வருடம் இதே டீலர் வேறொரு பெயரில் இன்னொன்றைக் கொண்டு வருவார். அப்போது நீங்களே பார்த்து முடிவு செய்ய முடிய வேண்டும்.

நம் தொழிலில் பெரும்பாலும் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறோம். அப்புறம் விலை, அப்புறம் டிரெயினிங். ஆபத்து உண்டா என்பது கடைசியில், அதுவும் விற்கிறவரிடமே கேட்கிறோம். நான் கடைசியிலிருந்து ஆரம்பிப்பேன். மெட்டீரியல் பாட்டிலின் பின்பக்கத்தில் இருக்கக் கூடாத பெயர் ஒன்று இருந்துவிட்டால், மற்றதைக் கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை.

நானோபிளாஸ்டியா என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை கிளையாக்ஸிலிக் ஆசிட் என்ற அமிலத்தை வைத்துத்தான் வேலை செய்கின்றன. நீங்கள் ஏற்கெனவே செய்யும் ஸ்மூத்தனிங் கிரீம் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, நேராக்கி, நியூட்ரலைசர் போட்டு மறுபடி கட்டுகிறது. இது அப்படி இல்லை. நல்ல புளிப்பான ஒரு கலவையை முடியில் ஊறவைத்து, 200 டிகிரிக்கு மேல் சூடான அயர்னால் திரும்பத் திரும்ப இழுக்கும்போது, அந்த அமிலம் முடியின் புரதத்தோடு சேர்ந்து நேரான வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. அமோனியா வாடை இல்லை, கண் எரிச்சல் குறைவு, முடி கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கஸ்டமருக்குப் பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

"ஃபார்மலின் இல்லாதது" என்று அவர் சொல்வது பாட்டிலைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். பழைய கெரட்டின் சரக்குகளில் ஃபார்மால்டிஹைடு, அதாவது ஃபார்மலினில் இருக்கும் அதே பொருள், இருந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. அதனால் கம்பெனிகள் மாற்று தேடின, அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்த அமிலம். ஒரு பிரச்சினை போய் இன்னொன்று வந்திருக்கிறது. அதைத்தான் டீலர் உங்களிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இந்த அமிலம் தலைத்தோல் வழியாக உடம்புக்குள் போனால் ஆக்ஸலேட்டாக மாறுகிறது. ஆக்ஸலேட் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிகிறது. குழாய் அடைபட்டால் சிறுநீரகம் திடீரென்று வேலையைக் குறைத்துக்கொள்ளும். இது வெறும் ஊகம் இல்லை. இஸ்ரேலில் 2019 முதல் 2022 வரை 14 மருத்துவமனைகளில், முடி நேராக்கிக்கொண்ட பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்த 26 பேரைப் பற்றி 2023-ல் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேருக்கு சிறுநீரகத்திலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், ஆறு பேருக்கு உள்ளே ஆக்ஸலேட் படிகங்கள் இருந்தன. மூன்று பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. 2024-ல் ஃபிரான்ஸிலிருந்து ஒரு கேஸ் வெளிவந்தது. 26 வயதுப் பெண். இரண்டு வருடச் சொச்சத்தில் மூன்று தடவை முடியை நேராக்கிக்கொண்டார், மூன்று தடவையும் வாந்தி, காய்ச்சல், முதுகு வலியோடு சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. மருந்து போடும்போதே தலைத்தோல் எரிந்து, புண்ணும் வந்திருக்கிறது. அந்த கிரீமில் பத்து சதவீதம் கிளையாக்ஸிலிக் ஆசிட் இருந்தது. அதே கிரீமை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகத்திலும் படிகம் வந்தது. 2025-ல் ஃபிரான்ஸின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை, இந்த அமிலம் உள்ள நேராக்கும் சரக்குகளைப் பயன்படுத்தாதீர்கள் என்றே அறிவுறுத்திவிட்டது.

ஆயிரக்கணக்கான பேர் போட்டுக்கொள்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லைதான். ஆனால் யாருக்கு ஆகும் என்று நாற்காலியில் உட்காரும்போது சொல்ல நமக்கு வழி கிடையாது. இன்னொன்று, ஆனாலும் நமக்குத் தெரிய வராது. பார்லரிலிருந்து போன அன்று ராத்திரி வாந்தி வந்தால், மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்களே தவிர, முடியைச் சந்தேகிப்பவர் யார்?

தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுப் போட்டால் போதும் என்று டிரெயினிங்கில் சொல்லித்தருவார்கள். நம் பக்கத்துப் பெண்களின் முடி அடர்த்திக்கு அதை நடைமுறையில் கடைப்பிடிப்பது கஷ்டம். வேர் வரைக்கும் நேராக வேண்டும் என்று கஸ்டமரே கேட்பார். ஊறும்போது கழுத்துப் பக்கம் வழியும், கழுவும்போது தலை முழுக்க ஓடும். முந்தின நாள் பேன் சீப்பு போட்டுச் சீவிய கீறல் இருந்தால் தோல் இன்னும் எளிதாக உறிஞ்சும். கர்ப்பிணிக்கும் போடலாம் என்ற பேச்சை இதோடு சேர்த்துப் பாருங்கள். அதை ஒருவர் வாய் கூசாமல் சொல்கிறார் என்றால், அவர் சொல்லும் மற்றதையும் நான் பாதிக்கு மேல் நம்ப மாட்டேன்.

அதனால் அவரிடம் பேக்கேஜ் விலையைப் பேசுவதற்கு முன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிளையாக்ஸிலிக் ஆசிட் என்று நேரடியாக இருக்கலாம். கிளையாக்ஸிலாயில் கார்போசிஸ்டீன், கிளையாக்ஸிலாயில் கெரட்டின் அமினோ ஆசிட்ஸ் என்று சுற்றி வளைத்தும் இருக்கலாம், அதுவும் இதே குடும்பம்தான். ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால் என்று இருந்தால் அது பழைய ஃபார்மால்டிஹைடே. அடுத்தது சட்ட விவரம். இறக்குமதி சரக்கு என்றால் 2020-ன் காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளரின் பெயர் முகவரியும் பாட்டிலில் இருக்க வேண்டும். இந்தியாவில் செய்தது என்றால் உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பேட்ச் எண், காலாவதித் தேதி. போர்த்துகீஸிய எழுத்து மட்டும் அச்சடித்த பாட்டில், மேலே ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் எம்ஆர்பி, அவ்வளவுதான் என்றால் அந்தச் சரக்குக்குப் பொறுப்பேற்க நம் நாட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம். பில் கேட்டாலும் "ஹேர் கிரீம்" என்று எழுதித்தருவார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இந்த விஷயத்தில் ஏற்கெனவே காது தீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள். 2023-ல் மலப்புறம் மாவட்டத்தில் வெளுக்கிற கிரீம் போட்டவர்களுக்கு சிறுநீரகக் கோளாறு வந்ததைக் கோட்டக்கல் மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அது பாதரச விவகாரம், இது வேறு. ஆனாலும் அழகு கிரீமால் கிட்னி போகும் என்ற செய்தி கேரளத்தில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. மருந்து கட்டுப்பாட்டுத் துறை "ஆப்பரேஷன் சௌந்தர்யா" என்று பெயர் வைத்துக் கடைகளில் சோதனையும் நடத்தியது. உங்கள் கஸ்டமரில் பாறசாலைக்காரர்களும் உண்டு. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவர் தான் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பார்லர் களியக்காவிளையில் இருந்தாலும் நீங்கள் திருவனந்தபுரத்துக்கு நடக்க வேண்டி வரும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று டீலர் சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாதபோது கஸ்டமர் எதற்குச் சம்மதித்ததாக அர்த்தம்?

கஸ்டமரை விட அதிகம் ஆபத்தில் இருப்பவர் நீங்களும் அந்தப் பொண்ணும். கஸ்டமர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அயர்ன் இழுக்கும்போது கிளம்பும் புகையில் உட்காருவார். நீங்கள் ஒவ்வொரு கஸ்டமருக்கும், அயர்னுக்கு ஒரு அடி தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். பார்லர் அறைகளில் பெரும்பாலும் ஸ்ப்ளிட் ஏசிதான். அது உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் வாயுவைத் தடுக்காது. புகை கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே உறிஞ்சி வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் வேண்டும். பேக்கேஜில் பேனருக்கு இடம் இருக்கிறது, எக்ஸாஸ்டுக்கு இல்லை.

இத்தோடு முடிவு வந்துவிட்டது. ஆனாலும் அந்த 14 பேர் கணக்கைப் பார்க்காமல் விட மனசில்லை. சரக்கு சுத்தமானதாகவே இருந்தாலும்கூட அந்தக் கணக்கு தப்பு. எந்த டீலரின் கணக்கும் ஏறக்குறைய இதே மாதிரிதான் தப்பும்.

68,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 14 வரும், சரி. வாங்கும் ஐயாயிரமும் அப்படியே கையில் நிற்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஒரு லிட்டரில் 15 ஹெட் போகும் என்று சொல்லியிருப்பார். அது தோள் வரை முடி உள்ளவர்களுக்கு. உங்களிடம் வருகிறவர்களில் இடுப்பு வரை முடி உள்ளவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். அடர்த்தியான நீள முடிக்கு 130, 140 மில்லி இழுத்துவிடும். அப்போது லிட்டருக்கு ஏழு ஹெட்தான். அதாவது ஒரு ஹெட்டுக்கு மெட்டீரியல் மட்டும் 1,300 ரூபாய். பிறகு வீட்டில் போட சல்ஃபேட் இல்லாத ஷாம்பு ஒரு சின்ன பாட்டில் கொடுத்தே ஆக வேண்டும், 400 வைத்துக்கொள்ளுங்கள். அன்று கூட நிற்கும் பொண்ணுக்குக் கூடுதலாக 300.

டீலர் எழுதாத பெரிய செலவு நேரம்தான். கழுவி, காயவைத்து, மெட்டீரியல் போட்டு, ஊறவைத்து, மறுபடி காயவைத்து, மெல்லிய மெல்லிய பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் எட்டு பத்து தடவை அயர்ன் இழுத்து முடிக்கும்போது, இடுப்பு வரை முடிக்கு ஆறு மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் ஒரு நாற்காலியும் நீங்களும் மாட்டிக்கொள்கிறீர்கள். அந்த நாற்காலியில் த்ரெடிங்கும் கட்டிங்கும் ஃபேஷியலுமாக மணிக்குச் சராசரி 250 ரூபாய் வந்துகொண்டிருந்தது என்றால், 1,500 ரூபாய் வராமல் போகிறது. உங்கள் பார்லரில் அந்த 250 எவ்வளவு என்பதை ஒரு வாரம் எழுதிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஐயாயிரத்தில் இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது 1,500. பேக்கேஜில் இரண்டு லிட்டர் மெட்டீரியலுக்கு 18,000 போக, மெஷினுக்கும் டிரெயினிங்குக்கும் பேனருக்கும் நீங்கள் கொடுப்பது 50,000. 1,500-ஆல் வகுத்தால் 34 ஹெட். டீலர் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இதிலும் ஒரு புகார்கூட வராது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். பத்தில் ஒருவர் ஒரு மாதத்தில் திரும்பி வந்து, சுருட்டை மறுபடி வந்துவிட்டது என்பார். இலவசமாக மறுபடி செய்துகொடுத்தால் மெட்டீரியல் 1,300, நாற்காலி 1,500, ஆக 2,800 கையிலிருந்து போகும். பத்துப் பேரில் கிடைத்த 15,000 அப்போது 12,200 ஆகிவிடும், ஹெட்டுக்கு 1,220. இனி 41 பேர் வேண்டும். நகைக்கடன் வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

பத்தில் ஒன்று என்பது நம் ஊருக்கு அதிகமான எண்ணிக்கையும் இல்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் தினமும் எண்ணெய் தேய்த்துத் தலை குளிக்கும் பழக்கம் இருக்கிறது. நானோபிளாஸ்டியா செய்த முடிக்கு எவ்வளவு குறைவாகத் தண்ணீர் படுகிறதோ அவ்வளவு நல்லது. தினமும் குளித்து, எண்ணெய் போகச் சீயக்காயோ கடுமையான ஷாம்போ போட்டால், ஐந்தாறு மாதம் நிற்க வேண்டியது இரண்டு மாதத்தில் விட்டுவிடும். கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். வாரத்துக்கு இரண்டு நாள்தான் தலை குளிக்கணும் என்று சொன்னால் நெய்யாற்றின்கரைச் சேச்சி உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அவர் மேல் தப்பில்லை. இந்தச் சரக்கு வேறு பழக்கம் உள்ள ஊருக்காகச் செய்தது.

அப்புறம் அந்த இருபது பேர். கேட்டவர்களை எண்ணாதீர்கள், செய்துகொள்ளக்கூடியவர்களை எண்ணுங்கள். குலசேகரம் பக்கம் பார்லர் வைத்திருக்கும், என்னிடம் படித்த ஒரு பெண் இதை நன்றாகச் செய்தாள். யார் கேட்டாலும் ஒரு நோட்டில் எழுதி, அங்கேயே சில கேள்விகள் கேட்டாள். கடைசியாக எப்போது டை, மெஹந்திப் பொடி, ப்ளீச் போட்டீர்கள்? கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா? தினமும் தலை குளிப்பீர்களா? விலை இவ்வளவு, ஆயிரம் முன்பணம் கொடுத்தால் தேதி எழுதிக்கொள்ளட்டுமா? முப்பதுக்குச் சற்று மேல் கேட்டிருந்தார்கள். பெரிய கூட்டம் விலையைக் கேட்டதுமே நழுவியது. அடுத்த கூட்டம் கறுப்பு மெஹந்தி போடுகிறவர்கள். கடைசியில் முன்பணம் வைத்தவர்கள் நான்கு பேர். இரண்டு மாதத்துக்கு நான்கு என்றால் வருடத்துக்கு 24. உங்கள் 41-ஐ எட்ட ஒன்றே முக்கால் வருடம். அதற்குள் இன்ஸ்டாகிராமில் வேறு பெயர் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கெரட்டின், அப்புறம் ஹேர் போடாக்ஸ், இப்போது நானோபிளாஸ்டியா. எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்று நீங்களே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அந்த 24-ம் வருடம் முழுக்கச் சீராக வராது. வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் மே மாதத்திலும் கிறிஸ்துமஸுக்கும் கேட்பார்கள். ஓணத்துக்கு முன்னால் கொஞ்சம். தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் கிடையாது, ஆடியிலும் கர்க்கடகத்திலும் இந்துக்களும் கல்யாணம் வைப்பதில்லை. மெட்டீரியல் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மாதங்களைக் கடக்க வேண்டும். கடன் தவணைக்கு மட்டும் ஆடி கிடையாது.

டிரெயினிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் டிரெயினிங்கில் நீங்கள் பார்ப்பது ஒரே ஒரு மாடலின் முடி, அதுவும் அவர்களே தேர்ந்தெடுத்த, டை படாத முடி. கற்றுக்கொள்ள வேண்டியது தப்பாகப் போகும் முடியில்தான் இருக்கிறது. டை போட்ட முடியில் இந்த அமிலம் பட்டால் நிறம் இரண்டு மூன்று படி வெளிறும். நரையை மறைக்கக் கறுப்பு அடித்தவர் செம்பட்டையாக எழுந்து போவார். ப்ளீச் பட்ட முடி அயர்னிலேயே அறுந்து கையோடு வரும். மெஷின் 230 என்று காட்டும்போது தகடு உண்மையில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே பல மலிவு மெஷின்களில் சந்தேகம். காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையை எடுத்து முழு வேலையையும் அதில் செய்து, இரண்டு நாள் விட்டுப் பார்ப்பதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். எந்த டிரெயினராக இருந்தாலும் ஒன்று மட்டும் கேளுங்கள்: மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் செய்த ஒரு கஸ்டமரை நான் நேரில் பார்க்கலாமா? செய்த அன்று எடுத்த வீடியோ எல்லோரிடமும் இருக்கும். மூன்று மாதம் கழித்து வேரில் ஒன்றரை அங்குலம் சுருட்டையும் கீழே நேராகவும் நிற்கும் தலையைக் காட்ட மனசு வருகிறதா என்பதில் ஆள் தெரிந்துவிடும்.

இப்போது என்ன செய்யலாம்? உங்களிடம் ஸ்மூத்தனிங் இருக்கிறது. அதுவும் ஆபத்தே இல்லாதது கிடையாது, நேரம் தவறினால் முடி அறும், தலைத்தோல் பொசுங்கும். ஆனால் அது எப்படித் தப்பும் என்று ஏழு வருடமாக உங்கள் கைக்குத் தெரியும். கேட்டு வருகிறவரிடம் "அது இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அதில் உள்ள அமிலத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி வந்திருக்கிறது, அதனால் நான் செய்வதில்லை, ஸ்மூத்தனிங் செய்கிறேன், முதலில் ஒரு கற்றையில் போட்டுப் பார்க்கலாம் என்று விவரமாகச் சொல்லுங்கள். மலப்புறம் செய்தி படித்தவர்களுக்கு உடனே புரியும். கல்யாணத்துக்காகக் கேட்கிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் வேண்டியது இரண்டு நாள் நேரான முடி. நல்ல ப்ளோ ட்ரையும் அயர்னிங்கும் அதற்குப் போதும், மேக்கப் பேக்கேஜோடு சேர்த்து விலை வைக்கலாம், ஒன்றரை மணி நேர வேலை.

கிளையாக்ஸிலிக் குடும்பமும் ஃபார்மால்டிஹைடும் இல்லாத, உரிம எண் உள்ள வேறு சரக்கு எதையாவது யாராவது கொண்டு வந்தால் பார்க்கலாம். அப்போதும் பேக்கேஜ் வேண்டாம். இருப்பதில் சின்ன பாட்டில் ஒன்று, உங்கள் பழைய அயர்ன், முன்பணம் கொடுக்கும் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் எத்தனை மில்லி, எத்தனை மணி நேரம், எத்தனை நாள் நின்றது என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை வைத்துக்கொண்டு மறுபடி மேலே போட்ட கணக்கைப் போடுங்கள். சின்ன பாட்டில் தரமாட்டேன், பேக்கேஜாகத்தான் எடுக்கணும் என்று சொன்னால், அவருக்கு மெஷினையும் பேனரையும் விற்பதில்தான் லாபம்.

ஒன்று மட்டும் அவசரமாக. திருவனந்தபுரத்தில் நானோபிளாஸ்டியா செய்துகொண்டவர்கள் உங்களிடம் ஹேர் கட்டுக்கும் ஃபேஷியலுக்கும் வருவார்கள். அப்படி யாராவது, செய்த அன்றோ அடுத்த சில நாளிலோ வாந்தி, வயிற்று வலி, முதுகு வலி, சிறுநீர் குறைந்துபோனது என்று சொன்னால், கஷாயம் எதுவும் சொல்லாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். முடியில் என்ன போட்டார்கள் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், முடிந்தால் செய்த பார்லரிலிருந்து பாட்டில் லேபிளின் படத்தை வாங்கிக் காட்ட வேண்டும். கிரியாட்டினின் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்துவிடும். ஃபிரான்ஸ் பெண்ணுக்கு ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் தேறிவிட்டது. ஆனால் மூன்றாவது தடவை வரைக்கும் மறுபடி மறுபடி அதையே போட்டுக்கொண்டார். அவருக்கு நடந்தது உங்கள் கஸ்டமருக்கு இரண்டாவது தடவை நடக்காமல் தடுக்க உங்களால் முடியும்.